BC847B இல்லை, BC847C போடலாமா?

பென்னலூர் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரியில் டிரான்சிஸ்டர் சமன்பாட்டைப் படித்து முடிக்கும் மாணவர், பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ ஒரு போர்டு அசெம்பிளி லைனில் சேர்ந்தால், சீக்கிரமே அவர் மேசைக்கு இந்தக் கேள்வி வரும்: "BC847B ஸ்டாக் இல்லை, BC847C இருக்கிறது. கெயின் அதிகம்தானே, போட்டுவிடலாமா?" ஸ்விட்சாக வேலை செய்யும் இடத்தில் பெரும்பாலும் போடலாம். கரன்ட் மிரரில் கணக்குப் பார்க்காமல் போடக் கூடாது. காரணம் பேஸின் அகலத்தில் இருக்கிறது.

என்.பி.என். டிரான்சிஸ்டரில் எமிட்டர் பக்க விளிம்பில் பேஸுக்குள் நுழையும் எலக்ட்ரான்களின் அடர்த்தி exp(VBE/VT) மடங்காகப் பெருகுகிறது. கலெக்டர் விளிம்புக்கு வரும் எலக்ட்ரான்களை அங்குள்ள புலம் உடனே இழுத்துக்கொள்வதால் அங்கே அடர்த்தி ஏறக்குறைய பூஜ்யம். இடையில் பேஸ் மிக மெல்லியது. வழியில் அழியும் எலக்ட்ரான்கள் சொற்பம். எனவே அடர்த்தி நேர்க்கோட்டில் சரிகிறது, அந்தச் சரிவே மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது:

```
IC = IS · exp(VBE/VT)
IS = q·A·Dn·ni² / (NA·W)
```

அறை வெப்பத்தில் VT சுமார் 26 மில்லிவோல்ட். VBE 18 மில்லிவோல்ட் கூடினால் IC இரட்டிப்பாகும். இதில் VCE எங்கும் இல்லை. ஆனால் பகுதியில் உள்ள W நிலையானதல்ல. VCE ஏறும்போது கலெக்டர் சந்தியின் வெறுமைப் பகுதி பேஸுக்குள் பரவுகிறது. W குறுகுகிறது, சரிவு செங்குத்தாகிறது, IC கூடுகிறது. பெல் ஆய்வகத்தின் ஜேம்ஸ் எர்லி 1952-இல் விளக்கியது இதைத்தான். VCE-யால் W குறையும் வீதத்தைக் கொண்டு W-வை வகுத்தால் கிடைப்பது எர்லி வோல்டேஜ், VA. அதைச் சேர்த்தால்:

```
IC = IS · exp(VBE/VT) · (1 + VCE/VA)
```

VA-வை எங்கே தேடுவது? எல்லா டேட்டாஷீட்டிலும் நேராக இருக்காது. BC847 குடும்பத்தின் h-அளவுரு அட்டவணை தரும் டேட்டாஷீட்டுகளில் hoe இருக்கும். 2 மில்லிஆம்பியர், 5 வோல்ட்டில் அதன் வழக்கமான மதிப்பு A குழுவுக்கு 18, B-க்கு 30, C-க்கு 60 மைக்ரோசீமென்ஸ். மின்னோட்டத்தை hoe-ஆல் வகுத்து 5 வோல்ட்டைக் கழித்தால் VA முறையே சுமார் 106, 62, 28 வோல்ட். கெயின் ஏற ஏற VA இறங்குவது தற்செயல் அல்ல. பேஸில் மாசூட்டலைக் குறைத்தோ அகலத்தைக் குறைத்தோதான் கெயினைக் கூட்டுகிறார்கள். அப்படிப்பட்ட பேஸைக் கலெக்டர் மின்னழுத்தம் எளிதில் அரித்துவிடும்.

1 மில்லிஆம்பியர் மிரர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரெஃபரன்ஸ் டிரான்சிஸ்டரின் VCE 0.65 வோல்ட், வெளியீட்டு டிரான்சிஸ்டரின் VCE 10 வோல்ட். B குழுவில் (1 + 10/62)-ஐ (1 + 0.65/62)-ஆல் வகுத்தால் 1.15, அதாவது 15 சதவீதம் கூடுதல். C குழுவில் அதே கணக்கு 33 சதவீதம் தருகிறது. பேஸ் மின்னோட்டத்தால் வரும் பிழையை C குழு குறைப்பது உண்மைதான், ஆனால் அது B-யிலேயே 1 சதவீதத்துக்குள் இருந்தது. அரை சதவீதம் கூடப் பெறாத ஆதாயத்துக்கு 18 சதவீதத்தை இழக்கிறோம்.

பெஞ்சில் இதை அளப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 10 வோல்ட்டில் 1 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடும் சிறிய எஸ்.ஓ.டி-23 உறை, தாமிரப் பரப்பு குறைவாக இருந்தால் வாட்டுக்கு சுமார் 500 டிகிரி என்ற கணக்கில் 5 டிகிரிக்கு மேல் சூடாகும். ஒவ்வொரு டிகிரிக்கும் அதே மின்னோட்டத்துக்குத் தேவையான VBE ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும். ரெஃபரன்ஸ் டிரான்சிஸ்டர் தள்ளி, குளிர்ச்சியாக இருந்தால், வெளியீட்டு மின்னோட்டம் இன்னும் 45 சதவீதத்துக்கும் மேல் உயரக்கூடும். மல்டிமீட்டர் காட்டுவது இரண்டும் கலந்த எண். பிரித்தறியும் வழி நேரம்தான்: VCE-யை ஏற்றியதும் ஸ்கோப்பில் உடனே தெரியும் படி எர்லி விளைவு, அதன்பின் மெதுவாக ஏறுவது சூடு. VA-வை மட்டும் அளக்க வேண்டுமானால் குறுகிய பல்ஸில் அளக்க வேண்டும்.

மாற்றுப் பொருளைத் தவிர்க்கவே முடியாதென்றால், இரண்டு எமிட்டர்களிலும் 220 ஓம் வையுங்கள். 1 மில்லிஆம்பியரில் அதன் குறுக்கே 220 மில்லிவோல்ட். VT-யைப் போல் எட்டரை மடங்கு. கலெக்டர் மின்னோட்டம் கூட முயன்றால் எமிட்டர் உயர்ந்து VBE-யைக் குறைக்கும், எக்ஸ்பொனென்ஷியல் அதைப் பலமாகத் திருத்தும். B குழுவின் 15 சதவீதம் ஒன்றரையாகவும், C-யின் 33 சதவீதம் மூன்றாகவும் சுருங்கும். சூட்டால் வரும் பிழையும் அதே அளவில் அடங்கும். ஆனால் 220 மில்லிவோல்ட்டை விட்டுக்கொடுக்க இடமில்லாத குறைந்த மின்னழுத்த சர்க்யூட்டில் இந்த வழி கிடையாது. அங்கே BC847B வரும்வரை லைன் காத்திருக்க வேண்டும்.