தையல்காரரைக் குறை சொல்லலாமா?

சென்ற கிறிஸ்துமஸ் நாடகத்தில் வானதூதராக வந்த எங்கள் தோழி, நற்செய்தி சொல்ல இரு கைகளையும் உயர்த்தினாள். அவ்வளவுதான், முதுகுப்புறம் கைக்குழியருகே வெள்ளை சாட்டின் அங்கி வாய் பிளந்தது. நாங்கள் சிரித்துவிட்டோம், அவளோ அழுதுவிட்டாள். "தையல் சரியில்லை" என்று அவள் தாயார் தையல்காரரைக் கடிந்துகொண்டார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

அங்கியைக் கையில் எடுத்துப் பார்த்தோம். தையல் நூல் ஓரிடத்திலும் அறவில்லை, துணியும் கிழியவில்லை. தையலை ஒட்டிக் கால் அங்குல அகலத்திற்குக் குறுக்கு இழைகள் மட்டும் ஏணிப்படிபோல் தெரிந்தன. நெடுக்கு இழைகள் விலகிப் போயிருந்தன. பருத்தி இழை சொரசொரப்பானது, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சாட்டினிலோ வழவழப்பான இழை நான்கு இழைகளின் மேல் மிதந்து, ஐந்தாவதன் கீழ் ஒருமுறைதான் நுழைகிறது. நாம் விரும்பும் பளபளப்புக்கும் அதுவே காரணம். இழுத்தால் பிடிப்பின்றி வழுக்கிவிடுகிறது. அடர்த்தியில்லாத மெல்லிய பட்டும் இப்படித்தான்.

பிளந்த இடத்தை உள்ளே தள்ளி மறுபடி தைப்பதுதான் வீட்டில் நாம் செய்யும் வைத்தியம். அது தவறு என்பேன். தோழியின் மார்பளவு 30 அங்குலம். "ஒட்டினாற்போல் இருக்கட்டும்" என்று அவளே கேட்டதால் அங்கி 31 அங்குலத்தில் தைக்கப்பட்டது. பிளவின் இருபுறமும் கால் அங்குலம் உள்ளே போனால் மிஞ்சுவது முப்பதரை. இறுக்கம் கூடும்; அடுத்த முறை இன்னும் எளிதாக விலகும்.

தையல்காரர் வேறு விதமாகச் செய்தார். தையலைப் பிரித்து, உட்புறம் மெல்லிய மல் துணியை அதே அளவில் வெட்டி வைத்து, இரண்டையும் ஒரே துணியாகச் சேர்த்துத் தைத்தார். இழுப்பை இனி பருத்தி தாங்கும். இரு அக்குள்களிலும் ஒரு சதுரத் துண்டு சேர்த்தார். கை உயர்ந்தாலும் முதுகு இழுபடவில்லை. மெல்லிய 11-ஆம் எண் ஊசியில், அங்குலத்திற்குப் பன்னிரண்டு தையல் வைத்தார். "இன்னும் நெருக்கினால் என்ன?" என்று கேட்டேன். "துளைகள் கூடினால் துணி சுருங்கும், அந்த வரியிலேயே கிழியவும் கிழியும், பாப்பா" என்றார். தையலுக்கு வெளியே துணியை முக்கால் அங்குலம் விட்டு வெட்டவேண்டும், அரையங்குலத்திற்குக் குறைந்தால் இழை முழுவதுமாக உருவிக்கொண்டு வந்துவிடும் என்றும் சொன்னார்.

அவர்மேலும் ஒரு குறை உண்டு. துணியை வாங்கியபோதே இரு கட்டைவிரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்து எச்சரித்திருக்கலாம். அம்மாவின் பழைய பட்டுச் சேலையில் சட்டை தைக்கக் கொடுக்கும்போது நானும் இனி அப்படித்தான் பார்க்கப்போகிறேன். இழை நகர்ந்தால் லைனிங் கேட்பேன். மூன்று அங்குலமாவது தளர்வு வைக்கச் சொல்வேன். இறுக்கமான சட்டைதான் அழகு என்று அக்கா கேலி செய்யட்டும்.