ஐம்பொறியும் நிரப்புச் சட்டமும்

ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கவிதை எழுதக் கற்பிக்கும் பொருட்டு இந்நாளில் ஒரு முறை பரவலாகக் கையாளப்படுகின்றது. கண், செவி, மூக்கு, நாக்கு, மெய் என்னும் ஐம்பொறிகளுக்கும் ஒவ்வோர் அடியாக, நடுவே கோடிட்ட இடம் விட்ட சட்டமொன்றை உபாத்தியாயர் எழுதித் தருகிறார். பிள்ளை அவ்விடங்களை நிரப்புகிறது. இது கவிதையே அன்று, வெறும் தேர்வுத்தாள் என்பார் ஒரு சாரார்; பிள்ளைகளை எழுதச் செய்ய இதனினும் எளிய வழியில்லை என்பார் மற்றொரு சாரார். சட்டம் குற்றமுடையதன்று, சட்டம் எதைத் தருகிறது, எதைப் பிள்ளைக்கு விடுகிறது என்பதிலேயே நன்மையும் தீமையும் உள என்பது நம் கருத்து.

கட்டுப்பாடு கவிதைக்குப் பகையென்று தமிழர் சொல்லுதல் கூடாது. நான்கடியில் ஈற்றடி முச்சீராய் முடியவேண்டும் என்ற விதிக்குள் அன்றோ நம் புலவர் வெண்பாக்கள் பாடினர்? அமெரிக்கக் கவிஞர் கென்னத் காக் என்பார் 1968-இல் நியூயார்க் நகரின் 61-ஆம் எண் பொதுப் பாடசாலையில் சிறுவர்க்குக் கவிதை கற்பிக்கத் தொடங்கியபோது, ஒவ்வோர் அடியும் 'நான் விரும்புகிறேன்' என்று தொடங்கவேண்டும், அதில் ஒரு நிறமும் ஓர் ஊரோ நாடோ வரவேண்டும் என்பது போன்ற விதிகளையே தந்தார். எதுகை தேடவேண்டாம் என்றும் சொன்னார்; எதுகையைத் தேடும் பிள்ளை தான் சொல்லவந்ததை விட்டுவிடும் என்பது அவர் கண்ட உண்மை. அவருடைய விதி அடியின் தொடக்கத்தைத் தந்தது. அடியின் பொருளைத் தரவில்லை.

நம் பாடசாலைகளில் வழங்கும் சட்டங்களோ பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்க்கப்பட்டவை. அவற்றால் விளையும் இடர்கள் இரண்டு. முதலாவது, ஆங்கிலத்தில் கோடிட்ட இடம் அடியின் ஈற்றில் வரும். தமிழிலோ வினையே ஈற்றில் நிற்கும். ஆதலால் பெயர்ப்பில் எல்லா அடியும் 'போல இருக்கும்' என்றே முடிகின்றது. உவமை கேட்டவுடன் பிள்ளை தான் கண்டதை விட்டுக் கேள்வியுற்றதை நாடுகிறது: நிலவு போல, தேன் போல, மல்லிகை போல. இரண்டாவது, கோட்டின் பின் வேற்றுமையுருபு அச்சிடப்பட்டிருத்தல். '_____இன் ஒலி' என்று இருந்தால், ஆட்டை நினைத்த பிள்ளை 'ஆடுஇன் ஒலி' என்றும், மரத்தை நினைத்தது 'மரம்இன் ஒலி' என்றும் எழுதும். பேசும்போது 'ஆட்டுச் சத்தம்' என்று பிழையின்றிச் சொல்லும் பிள்ளை, சட்டம் செய்த பிழைக்காகச் சிவப்பு மைக் கோடு பெறுகிறது.

ஆகவே தமிழுக்குரிய சட்டம் வேறாதல் வேண்டும். உருபை அச்சிடாது, பெயரையும் வினையையும் பிள்ளைக்கே விடுக. சுவைக்கு நம் மொழியில் தனித்தனி வினைகள் உள: இனிக்கும், புளிக்கும், உறைக்கும், கசக்கும், துவர்க்கும், கரிக்கும். ஊறலுக்கும் அப்படியே: சுடும், சில்லிடும், குத்தும், வழுக்கும். 'போல' என்பது இன்றியே இவ்வினைகளில் ஒன்று ஓர் அடியை முடித்துவிடும்.

பொறிகளின் வரிசையும் ஆராயத்தக்கது. பலரும் கண்ணிலிருந்தே தொடங்குவர். தொல்காப்பிய மரபியலோ உயிர்களை அறிவு வகையால் பகுக்குமிடத்து மெய், நாக்கு, மூக்கு, கண், செவி, மனம் என்று வரிசைப்படுத்துகின்றது. பாடத்திற்கும் இவ்வரிசையே தக்கது. கண்ணிடம் கேட்டால் 'அழகு' என்னும் ஆயத்தச் சொல் முந்திவரும். கையிடம் கேட்டால் அது வாராது. ஆறாவதாகிய மனத்தை ஈற்றில் வைத்து, பொருளின் பெயரையும் அவ்வடியிலேயே வெளியிடச் செய்தால், பிள்ளைகள் நன்கறிந்த விடுகதையின் வடிவம் அமைந்துவிடும். நாம் கொள்ளும் சட்டம் இது:

தொட்டால் _____
நாவில் _____
பக்கம் போனால் _____
பார்த்தால் _____
காது கொடுத்தால் _____
அது எது? _____

ஒரகடத்தை எடுத்துக்கொள்வோம். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஏரியும் வயலுமாய் இருந்த அப்பகுதியில் இன்று சுமையுந்தும் மோட்டார் சைக்கிளும் டயரும் செய்யும் ஆலைகள் நிறைந்துள்ளன. விடியுமுன் ஆட்களை ஏற்றிச்செல்ல வரும் கம்பெனி வண்டியை அங்குள்ள பிள்ளைகள் நாள்தோறும் காண்பர். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அவ்வண்டியைப் பற்றி முதலில் இப்படி நிரப்புகிறாள் என்று கொள்வோம்: தொட்டால் மென்மை, நாவில் தேன், பக்கம் போனால் மல்லிகை, பார்த்தால் அழகு, காது கொடுத்தால் இனிமை. இது பிழையென்று காட்ட ஓர் எளிய சோதனை உண்டு. ஈற்றடியை மறைத்துவிட்டு மற்றவற்றை வகுப்பில் உரக்கப் படிக்கச் செய்க. ஒருவன் 'ரோஜா' என்பான். ஒருத்தி 'அம்மா' என்பாள். வண்டி என்பார் எவருமிரார். எந்தப் பொருளுக்கும் பொருந்தும் அடி எந்தப் பொருளையும் சொல்லவில்லை.

இப்போது உபாத்தியாயர் திருத்தாது வினவவேண்டும். வண்டியைக் கையால் தொட்டாயா? எந்த நேரத்தில்? எதை முகர்ந்தாய்? சன்னலில் என்ன கண்டாய்? கூடுமானால் பொருளின் அருகே பத்து நிமிடம் நிறுத்தியபின் எழுதச்செய்தல் நலம். அதன்பின் வருவது இவ்வாறு இருக்கலாம்:

தொட்டால் சில்லிடும்
நாவில் புழுதி கரிக்கும்
பக்கம் போனால் டீசல் நாறும்
பார்த்தால் சன்னல்தோறும் தூங்கும் தலை
காது கொடுத்தால் உஸ்ஸென்று கதவு மூச்சுவிடும்
அது எது? அப்பாவைக் கொண்டுபோகும் வண்டி

'நாறும்' என்பதை 'மணக்கும்' என்று மாற்றும் ஆசை உபாத்தியாயருக்கு எழும். அதை அடக்கிக்கொள்ளல் வேண்டும். அச்சொல்லே அவள் அங்கு நின்றமைக்குச் சாட்சி. எழுத்துப்பிழையை மறுநாள் திருத்தலாம். நாவால் அறியலாகாத பொருளாயின் அவ்வடியை வெறுமையாய் விட இசைவு தருக. நிரப்பியே தீரவேண்டும் என்றால் பொய்யே வரும், சில வேளை வாயில் வைக்கத் தகாததைப் பிள்ளை சுவைத்தும் பார்க்கும். ஒடியாவும் இந்தியும் வீட்டில் பேசும் பிள்ளைகள் அவ்வூர்களில் உண்டு. அவர்கள் தம் சொல்லால் சொல்லட்டும், உரிய தமிழ்வினையை உபாத்தியாயர் பக்கத்தில் எழுதித் தரட்டும்.

இம்முறைக்கு எல்லை ஒன்றுண்டு. சட்டத்தை ஆண்டு முழுதும் வைத்திருந்தால் நாற்பது பிள்ளைகளும் ஒரே கவிதையை எழுதுவர். ஆண்டுவிழாச் சுவரில் ஒட்டுவதற்கு அன்றி வேறெதற்கும் அது உதவாது. மூன்றாம் முறை எழுதும்போது 'தொட்டால்', 'பார்த்தால்' என்னும் தொடக்கங்களை அழித்துவிடச் செய்க. வேண்டாத அடியை விடவும், வரிசையை மாற்றவும் உரிமை தருக. அச்சிறுமியின் கவிதை அப்போது இவ்வாறு சுருங்கும்:

சன்னல்தோறும் தூங்கும் தலை
உஸ்ஸென்று கதவு மூச்சுவிடும்
டீசல் நாற்றம் என்னோடு நிற்கும்
அப்பா போய்விட்டார்

மூன்றாம் அடியைக் காண்க. 'பக்கம் போனால்' என்னும் கட்டு நீங்கியபின்னரே வண்டி போனதும் நாற்றம் நின்றதும் அவளுக்குச் சொல்லக் கிடைத்தன. சட்டம் அவளை அவ்விடத்திற்கு அழைத்துச் சென்றது. அதை எடுத்துவிட்டதால் அவள் பேசினாள். உபாத்தியாயராகப் போகும் நம் கல்லூரி மாணவர்கள் சட்டத்தைக் கொடுக்கும் நாளைக் குறித்துக்கொள்வதோடு, அதைத் திரும்பப் பெறும் நாளையும் பாடக்குறிப்பில் முன்னரே எழுதிவைத்துக்கொள்வாராக.