சந்தேகமே தீர்ப்பாகிவிடக் கூடாது

தில்லி சுப்ரதோ பூங்காவில் 2006-ஆம் ஆண்டு நடைபெற்ற செஸ் போட்டியில், வீரர் ஒருவரின் தொப்பிக்குள் மறைத்துத் தைக்கப்பட்டிருந்த புளூடூத் கருவி சிக்கியது. அகில இந்திய செஸ் சம்மேளனம் அவருக்கு 10 ஆண்டுகள் தடை விதித்தது. அங்கே சான்று கையிலேயே இருந்தது. இணையத்தில் ஆடும் சிறுவர்களின் செஸ் மன்றங்களிலோ கைப்பற்றுவதற்குத் தொப்பி ஏதும் இல்லை. அருகிலுள்ள கைப்பேசியில் ஸ்டாக்ஃபிஷ் போன்ற செஸ் மென்பொருளை ஒரு முறை பார்த்தாலே போதும். அதனால்தான் அங்கே சந்தேகமே தீர்ப்பாக மாறும் அபாயம் அதிகம்.

உதாரணமாக, 60 சிறுவர்கள் கொண்ட ஒரு மன்றத்தில் 14 வயது மாணவி ஒருவர், தன்னைவிட வலுவான எதிராளியை 31 நகர்த்தல்களில் வீழ்த்துகிறார் என்று கொள்வோம். இணையதளம் அவரது துல்லியத்தை 96 சதவீதம் என்று காட்டுகிறது. உடனே புகார் எழுகிறது. ஆனால், முதல் 12 நகர்த்தல்கள் யாவரும் மனப்பாடம் செய்யும் தொடக்க வரிசை. கடைசி 9 நகர்த்தல்கள், எதிராளி ராணியை இழந்த பின்னர் ஆடப்பட்டவை. இடையிலுள்ள பத்தில் நான்கு, வெட்டிய காயைத் திருப்பி வெட்டியதும் செக்கிலிருந்து விலகியதும்தான். வேறு வழியே கிடையாது. ஆக, அந்தச் சிறுமி உண்மையில் சிந்தித்து ஆடியவை ஆறே நகர்த்தல்கள். ஆறு நகர்த்தல்களை வைத்து எவரையும் குற்றவாளி என்று கூற முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 60 பேரும் மாதம் 20 ஆட்டங்கள் ஆடினால், ஆட்டக்காரர் வாரியாகப் பரிசீலிக்க வேண்டியவை 1,200. ஆயிரத்தில் ஒரு முறை மட்டுமே நிகழக்கூடிய அபாரமான ஆட்டம், யாரும் ஏமாற்றாமலேயே, அந்த மன்றத்தில் ஏறத்தாழ மாதம் ஒரு முறை நிகழ்ந்தே தீரும். அதிலும் பதின்வயதினரின் திறன் வேகமாக வளர்வது. தரப்புள்ளி பின்தங்கியே வரும்.

எனவே, பரிசீலனைக்குக் குறைந்தது 20 ஆட்டங்களாவது தேவை. அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது நேரத்தை. மனிதர் ஆடும்போது, திருப்பி வெட்டுவதற்கு ஒரு நொடி போதும். சிக்கலான நிலைக்கு ஒரு நிமிடம்கூட ஆகும். எளியதற்கும் கடினமானதற்கும் ஒரே சீராக ஏழெட்டு நொடிகள் ஆகுமானால், கேள்வி கேட்பதில் நியாயம் உண்டு. கேள்வி கேட்பது வேறு, தண்டிப்பது வேறு.

புகார் கூறியவரோ, பயிற்சியாளரோ அல்லாத இருவர் விசாரிக்க வேண்டும். எந்த ஆட்டங்கள், எந்த நகர்த்தல்கள் ஐயத்துக்கு உரியவை என்பதை எழுத்துமூலம் தெரிவித்து, பெற்றோர் முன்னிலையில் விளக்கம் கேட்க வேண்டும். அந்த ஆட்டத்தை அவர் தன் சொற்களில் விளக்கட்டும். பதற்றத்தில் தடுமாறினால் அதையே சான்றாகக் கொள்ளலாகாது. பின்னர், பக்கவாட்டில் கேமரா வைத்துச் சில ஆட்டங்கள் ஆடச் செய்து ஒப்பிடலாம். ‘ஒப்புக்கொண்டால் விட்டுவிடுகிறோம்’ என்று கூறவே கூடாது. அந்த வாக்குறுதிக்கு அஞ்சிய குழந்தை, செய்யாததையும் ஒப்புக்கொள்ளும். முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய, விசாரணையில் இடம்பெறாத ஒருவர் இருக்க வேண்டும்.

நாடாளுமன்றம் 2015-இல் நிறைவேற்றிய சிறார் நீதிச் சட்டம், 18 வயது வரை குழந்தையைத் தீய நோக்கம் அற்றவராகவே கருத வேண்டும் என்கிறது. அவரது அடையாளத்தை வெளியிடவும் தடை செய்கிறது. செஸ் மன்றத்தை அச்சட்டம் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். அதன் நெறி கட்டுப்படுத்தலாம். குற்றம் உறுதியானாலும் சில மாத இடைநீக்கமும், பாதிக்கப்பட்ட எதிராளிக்குப் புள்ளியைத் திருப்பி அளிப்பதுமே போதுமானவை; பெயரை அறிவிக்கத் தேவையில்லை.

அமெரிக்க வீரர் ஹான்ஸ் நீமன், 12 மற்றும் 16 வயதில் இணைய ஆட்டங்களில் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டவர். 2022-இல் அவரிடம் நேருக்கு நேர் தோற்ற மேக்னஸ் கார்ல்சன், போட்டியிலிருந்தே விலகினார். தகுந்த காரணமின்றி விலகியதற்காக, சர்வதேச செஸ் சம்மேளனத்தின் ஒழுங்கு நெறி ஆணையம் 2023-இல் கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம் விதித்தது. சிறுவயதுத் தவறு எத்தனை காலம் ஒருவரைத் துரத்தும் என்பதற்கும், சந்தேகத்தின் பேரில் மட்டும் செயல்படுவது உலக சாம்பியனுக்கும் உகந்ததல்ல என்பதற்கும் இந்த ஒரே வழக்கு சாட்சி.

இந்த நடைமுறைக்கு ஒரு விலை உண்டு. ஆட்டத்தின் ஒரே ஒரு திருப்பத்தில் மட்டும் உதவி பெற்ற சிறுவன் பெரும்பாலும் தப்பிவிடுவான். அந்த இழப்பை மன்றம் ஏற்கத்தான் வேண்டும். ஓர் ஆட்டத்தின் புள்ளியைப் பின்னர் ஈடு செய்யலாம். செய்யாத தவறுக்காக 14 வயதில் ‘ஏமாற்றுக்காரி’ எனப் பெயர் பெற்ற சிறுமிக்கு அப்படி ஓர் ஈடு கிடையாது.