வாங்கிய காரணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

என் சாச்சா மௌத்தான பின், வாரிசுப் பங்கீட்டுக்காக அவருடைய டீமேட் கணக்கைத் திறந்து பார்த்தோம். 14 நிறுவனங்களின் பங்குகள் இருந்தன. எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று சாச்சி கேட்டபோது எவரிடமும் பதில் இல்லை. ஒவ்வொன்றையும் சாச்சா ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் வாங்கியிருப்பார். அந்தக் காரணங்கள் அவருடனேயே போய்விட்டன.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறது என்பதை நம் வீடுகளில் அறியாதவர் இல்லை. பங்கு வாங்குவது கடனன்று. ஆயினும் குடும்பத்தின் சேமிப்பை ஒரு நிறுவனத்தில் போடும்போது ஒரே ஒரு பக்கமாவது எழுதவேண்டும் என்பது என் கருத்து. என்ன நிறுவனம், ஏன் வாங்குகிறேன், எது என்னைப் பொய்யாக்கும், எப்போது வெளியேறுவேன் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். முதல் இரண்டையும் பலர் எழுதிவிடுவர். கடைசி இரண்டில்தான் கை தயங்குகிறது. ஆகவே அவற்றையே ஓர் உண்மை நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். இதை வாங்குங்கள் என்றோ விற்றுவிடுங்கள் என்றோ சொல்வதற்காக அல்ல.

2024 பிப்ரவரியில் ஒருவர் ஏசியன் பெயிண்ட்ஸ் பங்கை வாங்க நினைக்கிறார் என்று கொள்வோம். விலை ஏறத்தாழ 3,000 ரூபாய். அவர் எழுதும் காரணம் இவ்வாறு இருக்கலாம்: வீட்டு வண்ணப்பூச்சில் நாட்டின் முதல் நிறுவனம், மொத்த வியாபாரிகளை இடையில் வைக்காமல் கடைகளுக்கு நேரே, ஒரே நாளில் பலமுறை சரக்கு அனுப்புகிறது, அதனால் கடைக்காரர் அதிகச் சரக்கை முடக்கிவைக்க வேண்டியதில்லை, இந்த ஏற்பாட்டைப் பிறர் எளிதில் உருவாக்க இயலாது. அடுத்த வரியில் விலையைப் பற்றியும் எழுதவேண்டும். அன்று ஒரு ரூபாய் ஆண்டு லாபத்துக்கு 50 ரூபாய்க்கு மேல் கொடுத்தே அப்பங்கை வாங்க முடிந்தது. வளர்ச்சி தொடரும் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம் என்பது இதன் பொருள்.

இடர் என்ற பகுதியில் "சந்தை வீழலாம், பொருளாதாரம் மந்தமாகலாம்" என்று எழுதுவது எதையும் எழுதாமைக்குச் சமம். அது எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும். இந்நிறுவனத்துக்கே உரிய இடர் அன்று கண்முன்னே இருந்தது. ஆதித்ய பிர்லா குழுமத்தின் கிராசிம் நிறுவனம் 2021 ஜனவரியில் வண்ணப்பூச்சுத் தொழிலில் 5,000 கோடி ரூபாய் முதலிடப்போவதாக அறிவித்தது. மறு ஆண்டு அதை 10,000 கோடியாக உயர்த்தியது. 2024 பிப்ரவரியில் பிர்லா ஓபஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. "பெரும் பணத்தோடு வரும் போட்டியாளர் கடைகளைத் தம் பக்கம் இழுத்தால் விற்பனையும் லாபமும் சேர்ந்து குறையும்" என்பதே எழுதவேண்டிய இடர். இதில் "சேர்ந்து" என்ற சொல்லைக் கவனியுங்கள். வெளியேறும் நிபந்தனை அதிலிருந்தே பிறக்கிறது.

"லாப விகிதம் 18 விழுக்காட்டுக்குக் கீழே போனால் விற்றுவிடுவேன்" என்று மட்டும் ஒருவர் எழுதிவைத்திருந்தால் என்ன ஆகும்? (வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்குமுன் உள்ள லாபத்தை இங்கே சொல்கிறேன்.) 2021 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அந்த விகிதம் ஏறத்தாழ 13 விழுக்காட்டுக்கு இறங்கியது. இந்த நிபந்தனைப்படி விற்றிருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலாண்டில் உள்நாட்டில் விற்ற சரக்கின் அளவு முந்திய ஆண்டைவிட 30 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தது. கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் மூலப்பொருள்களின் விலை ஏறியதால்தான் லாபம் சுருங்கியது. வாடிக்கையாளர் எங்கும் போய்விடவில்லை. நிறுவனம் விற்பனை விலையைப் படிப்படியாக உயர்த்திச் சமாளித்தது. சில மாதங்களிலேயே பங்கின் விலை 3,500ஐத் தாண்டியது.

இப்போது நிபந்தனையைத் திருத்தி எழுதுவோம்: "ஒரே காலாண்டில் விற்ற சரக்கின் அளவும் குறைந்து, லாப விகிதமும் 18க்குக் கீழே போனால் வெளியேறுவேன்." ரூபாய்க் கணக்கைப் பார்க்காமல் சரக்கின் அளவைப் பார்ப்பது ஏனெனில், விலையேற்றம் ரூபாய்க் கணக்கை ஊதிக்காட்டும், விலைக்குறைப்பு அதைச் சுருக்கிக்காட்டும். 2024 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் இரண்டும் ஒன்றாக நிகழ்ந்தன. சரக்கின் அளவு சற்றே குறைந்தது; லாப விகிதம் 15 விழுக்காட்டை ஒட்டி வந்தது; நிகர லாபம் 40 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது. நீண்ட மழையும் மந்தமான தேவையும் காரணம் என்று நிறுவனம் கூறியது. அதில் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் எழுதிய நிபந்தனை நிறைவேறிவிட்டது. நவம்பரில் அறிக்கை வந்த உடன் விலை 2,500 ரூபாயை ஒட்டி இறங்கியது.

அன்று விற்றவர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நட்டத்தில் விற்றிருப்பார். அடுத்த சில மாதங்களில் விலை 2,200 வரை வந்தபோது தம் முடிவை எண்ணி மகிழ்ந்திருப்பார்; 2025 இறுதியில் அது தாம் விற்ற விலையைத் தாண்டியபோது வருந்தியிருப்பார். விலை எங்கே போகும் என்பதை இந்தத் தாள் சொல்லாது. நாம் எந்தக் காரணத்துக்காக வாங்கினோமோ அது இன்னும் நிற்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். காரணம் மீண்டும் உயிர்பெற்றால் புதிதாக ஒரு தாள் எழுதி மீண்டும் வாங்குவதை எவரும் தடுக்கவில்லை. பழைய தாளில் 18ஐ அடித்துவிட்டு 15 என்று திருத்துவதுதான் ஆபத்து. ஆகையால் எழுதிய நாளில் தேதியிட்டு, வீட்டில் மற்றொருவரிடம் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.

நம்மவருக்கு இன்னொரு வெளியேறும் நிபந்தனையும் உண்டு. பலர் வாங்கும் நாளில் மட்டும் அதைப் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். தொழில் ஹலாலானதாக இருந்தால் மட்டும் போதாது. இஸ்லாமிய நிதித்துறைக்குத் தரநிலைகள் வகுக்கும் அயோஃபி அமைப்பின் அளவுகோலின்படி, நிறுவனத்தின் வட்டிக்கடன் அதன் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வட்டி தரும் வைப்புகளுக்கும் அதே வரம்பு. ஆகாத வருமானம் மொத்த வருமானத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஏசியன் பெயிண்ட்ஸ் போன்ற கடன் குறைந்த நிறுவனத்தில் முதல் வரம்பு தொலைவில் இருக்கும். கடன் மிகுந்த நிறுவனங்களில் அப்படியன்று. சந்தை மதிப்பு 1,000 கோடியும் கடன் 200 கோடியும் உள்ள நிறுவனத்தில் விகிதம் 20. பங்கின் விலை பாதியானால் புதிதாக ஒரு ரூபாய் கடன் வாங்காமலே அது 40 ஆகிவிடும். விலை வீழும் நேரத்தில்தான் "திரும்ப ஏறட்டும், அப்போது பார்ப்போம்" என்று மனம் சொல்லும். அந்த நாளில் என்ன செய்வது, எந்த ஆலிமிடம் கேட்பது என்பதை மனம் அமைதியாக இருக்கும்போதே தாளில் எழுதிவிட வேண்டும். ஆகாத வருமானத்தில் நம் பங்குக்கு உரியதை ஆண்டுதோறும் கணக்கிட்டு, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் அங்கேயே ஒரு வரியில் குறித்துவைக்கலாம்.

சாச்சாவின் 14 பங்குகளில் ஆறு, கடன் வரம்பைத் தாண்டியிருந்ததால் விற்கப்பட்டன. மீதமுள்ள எட்டுக்கும் அவருடைய மகன் இப்போது ஒவ்வொரு தாளாக எழுதிவருகிறார். அவற்றில் இரண்டுக்கு, "ஏன்" என்ற இடத்தில் இன்னும் ஒரு வரிகூட வரவில்லை.