ஆபரேஷன் அன்னைக்கு இல்ல, டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் நீங்க தேவை

1/
எங்க வார்டுக்கு அடிக்கடி வர்ற போன் இது. "டாக்டர், நான் லண்டன்ல இருந்து பேசறேன். அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். ஊர்ல இருந்து வேலை பார்க்க மேனேஜர்கிட்ட பர்மிஷன் கேட்கணும். ரொம்ப சீரியஸ்னு ஒரு லெட்டர் கொடுங்க." என் கருத்து: அந்த லெட்டரால ஒரு பிரயோஜனமும் இல்லை. கேட்கிற தேதியும் பெரும்பாலும் தப்பு.

2/
ஒரே ஒரு நோயை எடுத்துப்போம். 70 வயசு அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழறாங்க, இடுப்புப் பக்கம் தொடை எலும்பு முறியுது. பிள்ளை அடிச்சுப் பிடிச்சு ஆபரேஷனுக்கு முன்னாடி வந்துடறார். ரெண்டு வார லீவு. அதுல முதல் வாரம் முழுக்க வார்டு வாசல்ல போயிடுது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நாலஞ்சு நாள்ல ஃப்ளைட். அம்மாகூட மிச்சம் இருக்கறது 76 வயசு அப்பா.

3/
சிக்கல் ஆரம்பிக்கிறதே அங்கதான். ஆஸ்பத்திரியில திருப்பிப் படுக்க வைக்க, நடக்க வைக்க, ஊசி போட ஆள் இருக்கு. வீட்டுல அம்மா வலிக்குதுன்னு படுத்தே இருப்பாங்க. அப்பாவால தூக்க முடியாது. மூணாவது, நாலாவது வாரத்துல முதுகுக்குக் கீழ படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, கால்ல ரத்தக்கட்டி, இல்லைன்னா ராத்திரி எழுந்து மறுபடி விழுந்துன்னு திரும்ப வருவாங்க. இந்த எலும்பு முறிவுக்கு அப்புறம் வயசானவங்க இறக்கறது பெரும்பாலும் ஆபரேஷன் டேபிள்ல இல்லை, பின்னாடி வர்ற இந்த மாதிரி சிக்கல்கள்லதான்.

4/
அதனால மேனேஜர்கிட்ட கேட்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட நாலு தேதி கேளுங்க. டிஸ்சார்ஜ் எப்போ? தையல் பிரிக்கறது எப்போ? ரத்தம் உறையாம இருக்கப் போடற ஊசி எந்தத் தேதி வரைக்கும்? அடுத்த எக்ஸ்ரே எப்போ? உங்க லீவும் ரிமோட் வேலையும் இந்தத் தேதிகள் மேலதான் நிக்கணும்.

5/
ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஜூன் 2 விழறாங்க, 4 ஆபரேஷன், 11 டிஸ்சார்ஜ், 18 தையல். ஊசி ஜூலை 9 வரைக்கும். ஆறு வாரம் முடிஞ்சு எக்ஸ்ரே ஜூலை 16. மகள் மான்செஸ்டர்ல வேலை பார்க்கறாங்க. வார்டுல சித்தி பார்த்துக்கறாங்க. மகள் ஜூன் 9 கிளம்பி 10 வந்து சேர்றாங்க. 9-ல இருந்து 19 வரைக்கும் முழு லீவு, 9 வேலை நாள். ஜூன் 22-ல இருந்து ஜூலை 17 வரைக்கும் ரிமோட் வேலை, நாலு வாரம். 18 ஃப்ளைட், 20 ஆபீஸ்.

6/
டிஸ்சார்ஜ் நேரத்துல ஏன் முழு லீவு? அந்த வாரம் லேப்டாப்பைத் திறக்க முடியாது. கட்டில் உயரம் சரி பண்ணணும், கமோடு சேர், வாக்கர் வாங்கணும், பாத்ரூம்ல கைப்பிடி அடிக்கணும், பிசியோதெரபிஸ்ட் பேசணும், பகல்ல கூட இருக்க ஒரு ஆளைப் பிடிச்சுப் பழக்கணும். இது எதுவும் முடியாம முதல் நாளே மீட்டிங்ல உட்கார்ந்தா ரெண்டும் கெட்டுப்போகும். ஒரு வாரத்துல மேனேஜருக்கும் அது தெரிஞ்சுடும்.

7/
அடுத்து மணி. கோடையில பிரிட்டன்ல காலை 9-ன்னா நமக்கு மதியம் 1.30. வேலை முடிய ராத்திரி 9.30. காலையில குளிப்பாட்டறது, பிசியோ, புண் இருக்கான்னு முதுகைப் பார்க்கறது, ஊசி, எல்லாம் மகள் கையில. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யும் காலையிலதான். மதியம் 1-ல இருந்து ராத்திரி 9.30 வரைக்கும் பாத்ரூம் கூட்டிட்டுப் போக, சாயங்காலம் நடக்க வைக்க வேற ஆள் கண்டிப்பா வேணும்.

8/
அமெரிக்கான்னா கணக்கே வேற. நியூயார்க் காலை 9, கோடையில நமக்கு மாலை 6.30. வேலை முடிய அதிகாலை 2.30. அப்புறம் காலை 7 மணிக்கு அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கணும். ஒரு மாசம் யாராலயும் தாங்க முடியாது. அங்க இருக்கறவங்க தினம் நாலு மணி நேரம் டீமோட சேர்ந்து வேலை, மிச்சம் நம்ம பகல்லன்னு கேட்கறதுதான் சரி.

9/
இப்போ மெயில். அம்மா நிலைமையை ரெண்டு வரிக்கு மேல எழுத வேண்டாம். மேனேஜர் மனசுல இருக்கற கேள்வி மூணு. எத்தனை நாள்? எந்த நேரம் கிடைப்பே? வேலை நேரத்துல அம்மாவை யார் பார்ப்பா? அதுக்கு இப்படிப் பதில் எழுதலாம்: "ஜூன் 9 முதல் 19 வரை லீவு. 22 முதல் ஜூலை 17 வரை இந்தியாவில் இருந்து வழக்கமான பிரிட்டன் நேரத்தில் வேலை. வேலை நேரத்தில் அம்மாவுடன் இன்னொருவர் இருப்பார். 20-ம் தேதி ஆபீஸ் வருவேன். டாக்டர் கடிதம் இணைத்துள்ளேன்." மூணாவது பதிலைப் பல பேர் எழுதறதே இல்லை. "பார்த்துக்கிட்டே வேலை செய்வேன்"னு எழுதினா அவருக்கு அது பாதி வேலைன்னுதான் கேட்கும்.

10/
லெட்டர்ல என்ன இருக்கணும்? ஆபரேஷன் தேதி, எத்தனை வாரம் உதவி இல்லாம நடக்கக் கூடாது, தினம் என்ன உதவி வேணும், மறுபடி எப்போ பார்க்கணும். அவ்வளவுதான். இதுல எதுவுமே பொய் இல்லைங்கறதால எந்த டாக்டரும் தயங்காம எழுதுவார். ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாம் அனுப்பாதீங்க. அது உங்க அம்மாவோட விஷயம். லெட்டர் அனுப்பவும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

11/
மேனேஜர் சரின்னா மட்டும் போதாது. வேற நாட்டுல இருந்து வேலைன்னா வரி, டேட்டா பாதுகாப்பு, இன்சூரன்ஸ்னு ஹெச்.ஆர். பார்க்க வேண்டியது இருக்கு. சொல்லாம லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தீங்கன்னா, லாகின் எந்த நாட்டுல இருந்துன்னு ஐ.டி.க்குத் தெரிஞ்சுடும். வேலைக்கே ஆபத்து. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கினவங்க டூரிஸ்ட் விசாவுல வந்து இங்க வேலை பார்க்கக் கூடாது, ஓ.சி.ஐ. கார்டு வேணும்.

12/
சட்டம் எவ்வளவு துணை? பிரிட்டன்ல ஏப்ரல் 2024-ல இருந்து, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்ல இருந்தே வருஷத்துக்கு ஒரு வாரம் சம்பளமில்லாத பராமரிப்பு லீவு உரிமை. வேலை முறையை மாத்தக் கேட்கவும் உரிமை உண்டு. ஆனா பதில் சொல்ல கம்பெனிக்கு ரெண்டு மாசம் டைம். அதுக்குள்ள அம்மா நடந்துடுவாங்க. அதனால நேரடியாப் பேசறதுதான் வேகம். ஸ்கில்டு வொர்க்கர் விசாவுல இருக்கறவங்களுக்கு வருஷத்துல 4 வாரத்துக்கு மேல சம்பளமில்லாத லீவு போனா ஸ்பான்சர்ஷிப்புல சிக்கல் வரலாம். ரிமோட் வேலை கேட்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

13/
அமெரிக்காவுல எஃப்.எம்.எல்.ஏ. சட்டப்படி 12 வாரம் சம்பளமில்லாத லீவு, வேலை போகாது. 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற கம்பெனி, ஒரு வருஷ சர்வீஸ் மாதிரி நிபந்தனைகள் உண்டு. அதுக்கான WH-380-F படிவத்தை இங்க இருக்கற டாக்டரும் நிரப்பலாம். அந்த நாட்டு டாக்டர்தான் கையெழுத்துப் போடணும்னு இல்லை.

14/
"ஆபரேஷன் அன்னைக்குப் பக்கத்துல இல்லாம எப்படி டாக்டர்?"னு கேட்பீங்க. மனசு அடிச்சுக்கும், உண்மைதான். ஐ.சி.யூ., பக்கவாதம், உயிருக்கு ஆபத்துன்னா எந்தக் கணக்கும் போடாம உடனே கிளம்புங்க. ஆனா இந்த மாதிரி எலும்பு முறிவுல அம்மா நினைவோட இருக்காங்க, அவங்களே கையெழுத்துப் போடுவாங்க, தியேட்டருக்குள்ள உங்களுக்கு வேலை இல்லை. வெளியே நிக்க, ரத்தம் ஏற்பாடு பண்ண ஒரு உறவுக்காரர் போதும்.

15/
நாலு வாரம் முடியாதுன்னு மேனேஜர் சொன்னா, ரெண்டு வாரத்தைக் கேளுங்க. ஆனா அது டிஸ்சார்ஜுக்கு அப்புறம் வர்ற வாரங்களா இருக்கட்டும். கூடப் பிறந்தவங்க இருந்தா, ஒருத்தர் போன மறுநாள் இன்னொருத்தர் வர்ற மாதிரி போடுங்க. எல்லாரும் ஒரே வாரத்துல வந்து வார்டு வராண்டாவுல கூடி நின்னு, ஒரே வாரத்துல கிளம்பிப் போறதுதான் இப்போ நடக்குது. அதை மட்டும் மாத்தினாலே படுக்கைப் புண்ணோட திரும்பி வர்ற அம்மாக்கள் குறைவாங்க.