ட்ரோ போடும் மேசையிலேயே மெட்ச் முடிந்துவிடக் கூடாது

நம் கரையோர ஊர்களில் ஒரு நொக்கவுட் சுற்றுப்போட்டி வந்தால், முதல் பந்து போடும் முன்பே சண்டை தொடங்கிவிடும். ட்ரோ பேப்பர் வட்ஸ்அப்பில் வந்த அடுத்த நிமிடமே "இது குலுக்கினதா, உட்கார்ந்து எழுதினதா?" என்று யாராவது கேட்பார்கள். பாடசாலை, கழகப் போட்டிகளுக்கு ட்ரோ போடும் மேசையில் அடிக்கடி உட்காருகிற ஆசிரியர்கள் நாங்கள். இந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறோம். ஆனால் "முழுதாகக் குலுக்கிவிட்டால் நீதி வந்துவிடும்" என்று பலர் சொல்வதை எங்களால் ஏற்க முடியவில்லை.

எட்டு அணிகள் என்று வைத்துக்கொள்வோம். எட்டுத் துண்டுகளையும் ஒரு தொப்பியில் போட்டுக் குலுக்குகிறோம். மிகச் சிறந்த அணி எப்படியும் இறுதிக்கு வரும் என்று எடுத்துக்கொண்டால், இரண்டாவது சிறந்த அணிக்கு மீதி ஏழு இடங்களில் ஒன்று விழும். அதில் நான்கு இடங்கள்தான் மறுபாதியில் இருக்கின்றன. மூன்று இடங்கள் சிறந்த அணி இருக்கும் பாதியிலேயே. அதாவது ஏழில் மூன்று தடவை, கிண்ணத்துக்கு இரண்டாவது தகுதியான அணி இறுதிப் போட்டியைக் காணாமலே வீட்டுக்குப் போகும். அதன் முதுகில் ஏறி வேறொரு அணி "ரன்னர்ஸ் அப்" பரிசை வாங்கும். குலுக்கலில் கள்ளம் எதுவும் இல்லாமலேயே இது நடக்கும்.

இதற்குத்தான் சீடிங். முதல் தர அணியை அட்டவணையின் உச்சியில் வைக்கிறோம், இரண்டாம் தர அணியை அடியில். மூன்றாவதையும் நான்காவதையும் பாதிக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டு, மிச்சத்தைக் குலுக்குகிறோம். பலமான அணிகள் ஒன்றை ஒன்று முதல் நாளிலேயே தின்றுவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சீட் கொடுப்பது யாருக்கும் வெற்றியை எழுதிக் கொடுப்பதல்ல.

ஆனால் சீடிங்கையும் கெடுத்து வைக்கலாம். அதற்கு நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே நடந்தது. 2012 டி20 உலகக் கிண்ணம் பலருக்கு ஞாபகம் இருக்கும். இறுதிப் போட்டியில் 101 ஓட்டங்களுக்கு நாம் சுருண்டதை மறக்க முடியுமா? அதற்கு முன் நடந்த ஒன்றைத்தான் அதிகம் பேர் கவனிக்கவில்லை.

முதல் சுற்றில் நான்கு குழுக்கள், குழுவுக்கு மூன்று அணிகள். ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு அணிகள் சுப்பர் எட்டுக்குப் போகும். ஆனால் யார் முதலாவது, யார் இரண்டாவது என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே ஐ.சி.சி. எழுதி வைத்துவிட்டது. ஏ1 இங்கிலாந்து, ஏ2 இந்தியா. பி1 அவுஸ்திரேலியா, பி2 மேற்கிந்தியத் தீவுகள். சி1 இலங்கை, சி2 தென்னாபிரிக்கா. டி1 பாகிஸ்தான், டி2 நியூசிலாந்து. "1" கிடைத்த நான்கும் 2010 உலகக் கிண்ணத்தில் அரையிறுதிக்கு வந்த அணிகள். இந்த எட்டில் யாராவது வெளியேறினால் மட்டும், அவரை வெளியேற்றிய அணி அந்த எண்ணை எடுத்துக்கொள்ளும்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். கொழும்பில் இந்தியா இங்கிலாந்தை 80 ஓட்டங்களுக்குள் மடக்கி, 90 ஓட்டங்களால் வென்று குழுவில் முதலிடம் வந்தது. இருந்தும் இங்கிலாந்துதான் ஏ1. ஹம்பாந்தோட்டையில் மழையால் ஏழு ஓவராகக் குறைந்த போட்டியில் தென்னாபிரிக்கா நம்மை 32 ஓட்டங்களால் வென்றது. இருந்தும் நாம்தான் சி1. அவுஸ்திரேலியாவும் பாகிஸ்தானும் எதிர்பார்த்தபடியே முதலிடம் வந்தன.

சுப்பர் எட்டின் முதல் குழுவுக்கு ஏ1, பி2, சி1, டி2. இரண்டாம் குழுவுக்கு ஏ2, பி1, சி2, டி1. இப்போது பெயர்களைப் போட்டுப் பார்த்தால், முதல் சுற்றில் குழுவை வென்ற நான்கு அணிகளும் ஒரே குழுவில். இரண்டாம் இடம் வந்த நான்கும் மற்றக் குழுவில். அந்த நால்வரில் மேற்கிந்தியத் தீவுகள் முதல் சுற்றில் ஒரு போட்டியும் வெல்லவில்லை. அவுஸ்திரேலியாவிடம் தோற்று, அயர்லாந்துடனான போட்டி மழையில் போய், நிகர ஓட்ட வீதத்தால் வந்தவர்கள். இந்தியா சுப்பர் எட்டில் மூன்றில் இரண்டை வென்றும் அதே நிகர ஓட்ட வீதத்தால் வெளியே போனது. இறுதியில் மோதியது முதல் சுற்றில் இரண்டாம் இடம் வந்த இரண்டு அணிகள்.

மேற்கிந்தியத் தீவுகள் அரையிறுதியில் அவுஸ்திரேலியாவை 74 ஓட்டங்களால் அடித்தார்கள், கிண்ணம் அவர்களுக்குத் தகும். நம் அணியும் அரையிறுதியில் பாகிஸ்தானை வென்றுதான் வந்தது. ஆனால் வென்றவருக்கு வெற்றியால் ஒரு பயனும் இல்லாத ட்ரோவால் அந்த முறை நமக்கு இலாபம் கிடைத்தது என்பதை மறைக்கக் கூடாது. நமக்கு இலாபம் என்பதற்காக அது சரியாகிவிடாது.

ஐ.சி.சி.யின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. எந்த அணி எந்த ஊரில், எந்தத் திகதியில் ஆடும் என்று முன்பே தெரிந்தால் டிக்கட் விற்கலாம், ஹோட்டல் பிடிக்கலாம். இன்னொன்றும் உண்டு. இடம் முன்பே தீர்ந்துவிட்டால், எதிரியைத் தெரிவு செய்வதற்காக யாரும் வேண்டுமென்றே தோற்க மாட்டார்கள். இது சும்மா பயமல்ல. அதே 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் நடந்தது. பெண்கள் இரட்டையர் பூப்பந்தாட்டத்தில் சீனாவின் இரண்டாவது ஜோடி எதிர்பாராமல் தோற்று, தன் குழுவில் இரண்டாம் இடம் போனது. அதனால் சீனாவின் முதல் ஜோடி தன் குழுவை வென்றால், சொந்த நாட்டவரை இறுதிக்கு முன்பே சந்திக்க வேண்டி வரும். ஆகவே அவர்கள் தோற்கப் பார்த்தார்கள், எதிரே நின்ற கொரிய ஜோடியும் தோற்கப் பார்த்தது. சேவிஸ் வலையில் விழுந்துகொண்டே இருக்க, பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். இந்தக் கூத்தில் சீன, கொரிய, இந்தோனேசிய ஜோடிகள் நான்கு, அதாவது எட்டு வீராங்கனைகள், போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார்கள்.

ஆக, இடத்தை முன்பே எழுதினால் வெற்றிக்குப் பெறுமதி இல்லை. பாதையை முழுதாக முன்பே காட்டினால் தோல்விக்கு விலை வந்துவிடுகிறது. பூப்பந்தாட்ட சம்மேளனம் இதற்குக் கண்ட வழி எங்களுக்குப் பிடித்திருக்கிறது: குழுவில் இரண்டாம் இடம் வந்தவர்களுக்கு, குழு ஆட்டங்கள் முடிந்த பிறகு தனியாக இன்னொரு குலுக்கல். தோற்றுப் போனால் யாரிடம் மாட்டுவோம் என்று யாருக்கும் தெரியாது.

இதை நம் ஊரிலும் செய்யலாம், செலவே இல்லை. பதினாறு அணிகள் நான்கு குழுவாக ஆடும் போட்டி என்றால், போன வருடம் அரையிறுதிக்கு வந்த நான்குக்கு மட்டும் சீட் கொடுத்துக் குழுவுக்கு ஒன்றாகப் பிரியுங்கள். பதினாறையும் வரிசைப்படுத்தப் போக வேண்டாம். போன வருடம் கோல் போட்ட பொடியன் இந்த வருடம் கட்டாரில் இருப்பான். மீதிப் பன்னிரண்டு துண்டுகளையும் அணித் தலைவர்கள் முன்னால், ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு எடுப்பியுங்கள். குழுவை வென்ற நால்வருக்கும் காலிறுதியில் ஆளுக்கொரு இடம். இரண்டாம் இடம் வந்த நால்வரின் துண்டுகளைக் கடைசிக் குழு ஆட்டம் முடிந்த அன்றைக்கே மைதானத்தில் வைத்துக் குலுக்குங்கள். ஒரே குழுவில் ஆடிய இருவர் காலிறுதியில் திரும்பச் சந்தித்தால் மட்டும் அந்தத் துண்டை மாற்றி எடுக்கலாம். இந்த விதியையும் போட்டி தொடங்கும் முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

நடத்துகிற கழகம் தனக்கே ஒரு சீட் எடுத்துக்கொள்வது பற்றியும் கேட்கிறார்கள். போன வருடம் அரையிறுதிக்கு வந்திருந்தால் எடுக்கட்டும். வராவிட்டால் அவர்களுடைய துண்டும் தொப்பிக்குள்ளேதான்.