64-உம் 64-உம் சேர்ந்தால் 67

வேலந்தாவளத்தில் மாநில எல்லையை ஒட்டி ஒரு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்கே பாலக்காடு மாவட்டம், கிழக்கே கோவை மாவட்டம். ஒரே மாலையில் இரு பக்கமும் விழா; இரு பக்கமும் மைக் செட். கேரளப் பக்கத்து ஒலிபெருக்கி மட்டும் பாடும்போது அந்த வீட்டு வாசலில் 64 டெசிபெல். அதை நிறுத்திவிட்டுத் தமிழகப் பக்கத்தை மட்டும் பாடவிட்டால் அதுவும் 64. இரண்டும் சேர்ந்து பாடினால் கருவி காட்டுவது 128 அல்ல, 67. மூன்றுதானே கூடியிருக்கிறது என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்த மூன்றுக்குள் ஒரு முழு ஒலிபெருக்கி இருக்கிறது.

டெசிபெல் என்பது கிலோ, லிட்டர் போல நேராகக் கூட்டும் அளவு அல்ல. காற்றில் வந்து சேரும் ஒலியின் ஆற்றல், நாம் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியைப்போல எத்தனை மடங்கு என்று பார்த்து, அந்த மடங்கை மடக்கையில் சுருக்கிச் சொல்லும் எண் அது. ஆற்றல் பத்து மடங்கானால் எண்ணில் 10 கூடும். இரண்டு மடங்கானால் ஏறக்குறைய 3 கூடும். 64 டெசிபெல் என்றால் சுமார் 25 லட்சம் மடங்கு. இரு பக்கமும் சேர்ந்தால் 50 லட்சம் மடங்கு. அதைத் திரும்ப டெசிபெல்லாக்கினால் 67. கூடுவது ஆற்றல்தான்; எண்ணைப் பிறகுதான் கணக்கிட வேண்டும். சுழியம் டெசிபெல் ஒலிகள் இரண்டு சேர்ந்தாலும் 3 வரும், ஏனென்றால் சுழியம் என்பது ஒலியே இல்லாத நிலை அல்ல. இரு பக்கமும் வெவ்வேறு பாட்டு ஓடும்போது இந்தக் கணக்கு பொருந்தும். ஒரே ஆம்ப்ளிபையரில் கட்டிய இரு குழாய்கள் என்றால் அலையும் அலையும் ஒத்து விழும் இடத்தில் 6 வரை கூடலாம், முரண்பட்டு விழும் இடத்தில் குறையவும் செய்யலாம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மத்திய அரசின் விதிகள். எல்லைக்கு இருபுறமும் ஒன்றே. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபெல். அதைவிட 10 டெசிபெல்லோ அதற்கு மேலோ மிகுந்தால், அதாவது 65-ஐத் தொட்டால், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்கலாம். நம் வீட்டுக்காரர் கேரளப் போலீசிடம் போனால், அவர்கள் தங்கள் பக்கத்தை மட்டும் அளந்து 64 என்று எழுதுவார்கள். தமிழகப் போலீசும் அதையே எழுதும். இரண்டு தாளும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் காதில் விழுவது 67. விதி வரம்பு வகுத்திருப்பது அந்தப் பகுதியின் ஒலிக்கு. ஆளுக்கொரு வரம்பு என்று எந்த ஒலிபெருக்கிக்கும் அது பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. ஆகவே வாசலில் நின்று, இரண்டும் ஓடும்போது எடுத்த அளவுதான் செல்ல வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

‘மூன்று டெசிபெல் வித்தியாசம் காதுக்கே சரியாகத் தெரியாதே’ என்று விழாக் குழுவினர் கேட்கலாம். உண்மைதான். சத்தம் இருமடங்கானதாகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும். ஆனால் இந்த வாதம் அவர்களுக்கு எதிராகவே திரும்புகிறது. காதுக்குத் தெரியாது என்றால், குறைத்தாலும் தெரியாது. இரு பக்கமும் ஸ்பீக்கருக்குப் போகும் வாட்டைப் பாதியாக்கினால் ஒவ்வொன்றும் 61-க்கு இறங்கும், சேர்ந்தால் 64. பந்தலில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாட்டில் பெரிய குறை தெரியாது, எல்லை வீடோ புகார் வரம்புக்குக் கீழே வந்துவிடும்.

‘எதிர்ப்பக்கம் செய்யும் சத்தத்துக்கு நாங்கள் ஏன் குறைக்க வேண்டும்?’ என்ற கேள்வி இன்னும் நியாயமானது. அதற்கும் அளவையே பதில் சொல்லும். ஒரு பக்கம் 67, மறுபக்கம் 57 என்றால் கூட்டு 67.4 மட்டுமே. சிறியதை அடியோடு நிறுத்தினாலும் அந்த வீட்டுக்கு அரை டெசிபெல்கூட மிச்சமாகாது. குறைக்க வேண்டியவர் பெரியவர்தான். இரண்டும் சமமாக இருந்தால் மட்டுமே சுமையும் சமம். யார் எவ்வளவு என்று அறிவதும் கடினமல்ல. இரண்டும் ஓடும்போது ஓர் அளவு, ஒன்றை நிறுத்தியபின் ஓர் அளவு எடுத்தால் போதும். 67 என்பது 64-க்கு இறங்கினால் நிறுத்தப்பட்டதும் 64. எண் அசையவே இல்லை என்றால், நிறுத்தியது தவறான ஸ்பீக்கர்.

ஒலிபெருக்கிக்கு அனுமதி எழுதும் அதிகாரி, அதே நாளுக்கு எல்லைக்கு அப்பால் அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம். இருந்தால் இருவருக்கும் 65 அல்ல, 61 என்று நிபந்தனை எழுத வேண்டும். கேரள, தமிழக மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் அடுத்த விழாக் காலத்துக்கு முன்பே இதை எல்லைக் காவல் நிலையங்களுக்கு உத்தரவாக அனுப்ப வேண்டும்.